கீபோர்டு இல்லாத டேப்பில் பயாஸுக்குள் போக எந்த வழி நல்லது?

"கணினியை ஆன் செய்ததும் F2-வைத் தட்டுங்கள்" என்று எல்லா வழிகாட்டிகளும் தொடங்குகின்றன. விண்டோஸ் டேப்லெட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் வரி கிடையாது. F2 எங்கே இருக்கிறது? ஒரு பவர் பட்டன், இரண்டு வால்யூம் பட்டன், மீதியெல்லாம் கண்ணாடி. டூ-இன்-ஒன் வைத்திருப்பவர்களுக்கும் அவ்வப்போது இதே பாடுதான். கழற்றி மாட்டும் கீபோர்டு உடைந்திருக்கும், தொலைந்திருக்கும், அல்லது அதில் F வரிசையே இருக்காது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. அதன் பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பழைய இன்டெல் ஆட்டம் சில்லு டேப்களில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் போடலாம் என்று உட்காருகிறவர்கள் எல்லாரும் முதலில் முட்டி நிற்கும் இடம், கருவியை எழுப்பும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேரின் அமைப்புப் பக்கம்தான். அதன் சரியான பெயர் யூஇஎஃப்ஐ என்றாலும் நாம் எல்லாரும் இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

வழிகள் மூன்று: விண்டோஸ் (அல்லது லினக்ஸ்) வழியாகப் போவது, உடம்பில் உள்ள பட்டன்களைப் பிடித்துப் போவது, வெளியிலிருந்து ஒரு கீபோர்டைச் செருகிப் போவது.

## உள்ளே போகத்தான் வேண்டுமா?

பென் டிரைவிலிருந்து ஒருமுறை பூட் செய்வது மட்டும்தான் வேலை என்றால் பயாஸுக்குப் போகவே தேவையில்லாமல் இருக்கலாம். விண்டோஸின் மீட்புத் திரையில் Use a device என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தொட்டால் பூட் செய்யக்கூடிய சாதனங்களின் பட்டியல் வரும், பென் டிரைவையும் விரலாலேயே தேர்ந்தெடுக்கலாம். கையொப்பம் சரிபார்த்த இயங்குதளத்தை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டை ஏற்கும் லினக்ஸ் பதிப்பாக இருந்தால் அதோடு வேலை முடிந்தது. செக்யூர் பூட் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க மட்டும் வேண்டுமானால் `msinfo32` போதும்.

செக்யூர் பூட்டை அணைப்பது, பூட் வரிசையை நிரந்தரமாக மாற்றுவது, கேமராவை முடக்குவது போன்றவைதான் உண்மையில் உள்ளே போக வேண்டிய வேலைகள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், விண்டோஸ் உயிரோடு இருக்கிறதா என்பது. இல்லையென்றால் மூன்று வழிகளில் ஒன்று ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

இரண்டாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. பயாஸுக்குள் *போவது* ஒரு கேள்வி, உள்ளே போன பிறகு *நகர்வது* வேறு கேள்வி. சில கருவிகளில் பயாஸ் பக்கமே தொடுதிரையில் இயங்கும். மலிவு விலை டேப்கள் பலவற்றில் உள்ளே நுழைந்ததும் தொடுதல் செத்துவிடும். நீலமும் சாம்பலுமாக ஒரு பழைய பக்கம் முன்னால் நிற்கும், அம்புக்குறி விசை இல்லாமல் ஒரு வரிகூட நகராது. ஆகவே ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கேள்விக்கும் தனித்தனியாக எடை போட வேண்டும்.

மூன்றாவது, எத்தனை யூஎஸ்பி துளைகள் இருக்கின்றன, சார்ஜ் எதன் வழியாக ஏறுகிறது என்பது. நான்காவது, வட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்பது. இந்த நான்காவது எந்த வழியில் போனாலும் பின்தொடர்ந்து வரும், அதனால் அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம்.

## வழி 1: இயங்குதளத்தையே தூது அனுப்புவது

விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கும் வழி இது. விண்டோஸ் 10-இல் Settings, Update & Security, Recovery என்று போக வேண்டும். விண்டோஸ் 11-இல் Settings, System, Recovery. அங்கே Advanced startup என்ற இடத்தில் Restart now. நீலத்திரை வந்ததும் Troubleshoot, பிறகு Advanced options, பிறகு UEFI Firmware Settings, கடைசியாக Restart. எல்லாமே விரலால் தொடக்கூடிய பெரிய கட்டங்கள்.

உள்நுழைவுத் திரையைத் தாண்ட முடியவில்லை என்றாலும் இதே நீலத்திரைக்கு வரலாம். அந்தத் திரையின் மூலையில் உள்ள அணுகல் வசதி ஐகானைத் தொட்டு On-Screen Keyboard-ஐத் திறந்து, அதில் Shift-ஐ ஒருமுறை தட்டிவிட்டு, பவர் ஐகானில் Restart-ஐத் தொட வேண்டும்.

இவ்வளவு படிகள் வேண்டாம் என்பவர்களுக்குக் கட்டளை ஒன்று உண்டு. ஸ்டார்ட் பட்டனை விரலால் அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் நிர்வாகி உரிமையோடு டெர்மினலைத் திறந்து இதை அடிக்கலாம்:

```
shutdown /r /fw /t 0
```

சில கருவிகளில் இது முதல் தடவை 203 என்ற எண்ணோடு பிழை காட்டும். இன்னொரு முறை அடித்துப் பாருங்கள், பலருக்கு இரண்டாம் முறை போய்விடுகிறது. அப்போதும் அதே பிழைதான் என்றால், கருவி பழைய லெகசி முறையில் பூட் ஆகிறது, அல்லது அதன் ஃபர்ம்வேர் இந்த வசதியை ஏற்கவில்லை என்று பொருள். நீலத்திரையில் UEFI Firmware Settings கட்டமே காணோம் என்றாலும் காரணம் இதுவே.

லினக்ஸ் ஓடும் டேப் என்றால் கட்டளை இது:

```
systemctl reboot --firmware-setup
```

இரண்டும் உள்ளுக்குள் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. `OsIndications` என்ற ஃபர்ம்வேர் மாறியில் ஒரு பிட்டை ஏற்றி வைக்கின்றன. "அடுத்த முறை எழுந்ததும் அமைப்புப் பக்கத்தைத் திற" என்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவது போலத்தான். ஃபர்ம்வேர் எழுந்து, சீட்டைப் படித்து, கிழித்துப் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திறக்கும். ஒருமுறைக்கு மட்டுமே செல்லும் சீட்டு என்பதால், உள்ளே போய் நகர முடியாமல் மாட்டிக்கொண்டாலும் பயப்பட வேண்டாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி ஆன் செய்தால் விண்டோஸ்தான் வரும், எதுவும் மாறியிருக்காது.

இந்த வழியின் பெரிய நன்மை, நேரம் பார்த்துத் தட்டும் பதற்றமே இதில் கிடையாது என்பது. ஃபர்ம்வேரில் ஃபாஸ்ட் பூட் ஆன் செய்யப்பட்டிருந்தால், எழும் நேரத்தில் யூஎஸ்பி கீபோர்டைக் கண்டுகொள்ளாமலேயே விண்டோஸுக்குத் தாவிவிடும் கருவிகள் உண்டு. அவற்றில் F2-வை எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் பயனில்லை, சீட்டு வழி மட்டுமே வேலை செய்யும்.

மறைவான செலவும் இருக்கிறது. அந்த நீலத்திரை விண்டோஸ் அல்ல, விண்டோஸ் ஆர்இ என்ற தனிச் சிறு இயங்குதளம். தொடுதிரைக்கான டிரைவர் அதற்குள்ளும் இருந்தால்தான் விரல் வேலை செய்யும். தயாரிப்பாளர் போட்டுத் தந்த விண்டோஸில் பொதுவாக இருக்கும். யாரோ ஒருவர் இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ-வைப் போட்டு சுத்தமாக மறுநிறுவல் செய்திருந்தால் இருக்காது. சிலீட் நிறுவனத்தின் தொடுதிரைச் சில்லு உள்ள டேப்களில் இந்தத் தொல்லை அதிகம். அந்தச் சில்லுக்கு டிரைவர் மட்டும் போதாது, அந்தந்த மாடலுக்கென்று தனி ஃபர்ம்வேர்க் கோப்பும் வேண்டும். நீலத்திரை வந்தும் விரலுக்கு அசையவில்லை என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட டேப்பில் விண்டோஸுக்குள் தொடுதல் வேலை செய்யும்வரை மேலே சொன்ன `shutdown` கட்டளையே நல்லது, அது நீலத்திரையைத் தொடாமல் நேரே பயாஸுக்குப் போகும்.

விண்டோஸ் எழவே மறுக்கிறது என்றால்? இரண்டு முறை தொடர்ந்து பூட் தோற்றால் விண்டோஸ் ஆர்இ தானாகவே வரும்படி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே உடைந்துபோன விண்டோஸ் என்றால் அதுவே வந்து நிற்கும். நன்றாக இருக்கும் விண்டோஸை, சுழலும் புள்ளிகள் வந்ததும் பவர் பட்டனைப் பிடித்து அணைத்து அணைத்து இங்கே கொண்டுவரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாம்தான், ஆனால் கோப்பு முறைமை கெட வாய்ப்புண்டு. அந்த இடத்துக்கு வருமுன் அடுத்த வழியை முயன்று பாருங்கள்.

## வழி 2: பட்டன்களைப் பிடிப்பது

மூன்றில் அழகானது இது, வேலை செய்யும்போது. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸில் முழுதாக அணைத்துவிட்டு, வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரை ஒருமுறை அழுத்தி விட வேண்டும். வால்யூம் பட்டனை மட்டும் விடாமல் வைத்திருந்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். சர்ஃபேஸ் ப்ரோ 4 முதலான கருவிகளில் அந்தப் பக்கம் முழுக்கத் தொடுதலில் இயங்கும், கடவுச்சொல் கேட்டால் திரைக் கீபோர்டும் வரும். வால்யூம் குறைக்கும் பட்டனோடு அதையே செய்தால் யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகும். சர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு பிட்லாக்கர் பகுதிக்குத் தாவிவிடலாம்.

மற்றவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. எந்தப் பட்டன் என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமையே கிடையாது. சர்ஃபேஸில் கூட்டும் பட்டன், ஆசஸின் ஆர்ஓஜி ஆலி கையடக்கக் கருவியில் குறைக்கும் பட்டன். எச்பியின் சில டேப்லெட்டுகளில் வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்தால் Startup Menu வரும், அதில் F10 என்ற வரியை விரலால் தொட வேண்டும். லெனோவோவின் யோகா, ஐடியாபேட் வகைகள் பலவற்றில் நோவோ பட்டன் என்று ஓரத்தில் ஒரு ஊசித்துளை இருக்கும். கருவியை அணைத்துவிட்டு காகித கிளிப்பால் அதைக் குத்தினால் BIOS Setup, Boot Menu உள்ளிட்ட சின்னப் பட்டியல் ஒன்று வரும். டூ-இன்-ஒன்னின் கீபோர்டு செத்துப் போனவர்களுக்கு இது ஒரு வரம். ஆனால் அந்தப் பட்டியலில் மேலே கீழே நகர எதை அழுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். பெயரே தெரியாத மலிவு டேப்களில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் மாற்றி மாற்றி முயல்வதைத் தவிர வேறு வழியில்லை. சிலவற்றில் இப்படி ஒரு சேர்க்கையே வைக்கவில்லை.

இந்த வழியில் தோற்பவர்களில் பெரும்பாலோர் பட்டனைத் தவறாகப் பிடிப்பதில்லை. அவர்கள் டேப்பை அணைக்காமல் தூங்க வைத்துவிட்டு முயல்கிறார்கள். டேப்லெட்டில் பவர் பட்டனை ஒருமுறை தட்டினால் திரை மட்டும்தான் அணையும், கருவி விழித்தபடியே கிடக்கும். அப்போது வால்யூமையும் பவரையும் சேர்த்து அழுத்தினால் பல கருவிகளில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். திரை ஒரு கணம் மங்கி மீண்டால் அதுதான் அடையாளம்: நீங்கள் பேசிக்கொண்டிருப்பது விண்டோஸோடு, ஃபர்ம்வேரோடு அல்ல. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் முழு அணைப்பைத் தராது, பாதி உறக்கத்தில்தான் வைக்கும். எந்தச் சந்தேகமும் இல்லாமல் அணைக்க இது போதும்:

```
shutdown /s /t 0
```

அதன் பிறகு பத்து விநாடி பொறுத்து, வால்யூம் பட்டனை *முதலில்* பிடித்து, பிறகு பவரை அழுத்துங்கள். வரிசை மாறினால் ஃபர்ம்வேர் பார்க்கும் நொடி கடந்துவிடும்.

பட்டன் வழியின் பலம், விண்டோஸ் இருக்கிறதா செத்ததா என்று அது கேட்பதில்லை என்பது. பலவீனம், உள்ளே கொண்டு விட்டதோடு அதன் பொறுப்பு முடிந்துவிடும் என்பது. தொடுதல் இல்லாத பயாஸில் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

## வழி 3: ஒரு கீபோர்டைக் கடன் வாங்குவது

"கீபோர்டு இல்லாமல் எப்படி?" என்ற கேள்விக்குக் கீபோர்டு வாங்கு என்பதா பதில் என்று கோபம் வரலாம். வாங்கச் சொல்லவில்லை. பத்து நிமிடத்துக்குப் பக்கத்து மேசையிலிருந்து ஒரு யூஎஸ்பி கீபோர்டு கிடைத்தால் போதும்.

எந்தக் கீபோர்டு என்பதில் கவனம் வேண்டும். புளூடூத் கீபோர்டை நம்ப வேண்டாம். இயங்குதளம் எழுந்த பிறகுதான் புளூடூத் இணைப்பு உயிர் பெறும், பயாஸுக்கு அப்படி ஒரு கீபோர்டு இருப்பதே தெரியாது. சிறிய யூஎஸ்பி டாங்கிளோடு வரும் வயர்லெஸ் கீபோர்டு வேறு கதை. அந்த டாங்கிள் தன்னைச் சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகவே அறிமுகப்படுத்திக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் வேலை செய்யும். டூ-இன்-ஒன்களுடன் வரும், பித்தளைப் புள்ளிகளால் ஒட்டிக்கொள்ளும் கீபோர்டும் பொதுவாகப் பயாஸில் இயங்கும். ஆனால் அதில் F2 என்பது ஒலியைக் குறைக்கும் விசையாகவும் இருக்கலாம், அப்போது Fn-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும். மலிவு டேப்கள் பலவற்றில் இருப்பது ஏஎம்ஐ பயாஸ். அவற்றில் Esc அல்லது Del-உம் உள்ளே விடும், F வரிசை இல்லாத குட்டிக் கீபோர்டு வைத்திருப்பவர்கள் முதலில் Esc-ஐத் தட்டிப் பாருங்கள்.

டைப்-சி துளை உள்ள புதிய கருவியில் ஒரு ஹப் போதும். மைக்ரோ யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்று உள்ள பழைய டேப்பில்தான் கணக்கு இறுகும். சார்ஜரும் அதில்தான், கீபோர்டும் அதில்தான். சாதாரண மைக்ரோ யூஎஸ்பி கேபிள் உதவாது, ஓடிஜி கேபிள் வேண்டும். அதன் முனையில் நான்காம் கம்பியைத் தரையோடு இணைத்திருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் டேப் "நான் இப்போது கணினி, எதிரே இருப்பது சாதனம்" என்று புரிந்துகொள்ளும். ஓடிஜி செருகியிருக்கும் நேரம் முழுக்கப் பெரும்பாலான டேப்கள் சார்ஜ் ஆகாது. லினக்ஸ் நிறுவ ஒரு மணி நேரம் ஆனால் அந்த ஒரு மணி நேரமும் பேட்டரியில்தான் ஓட வேண்டும், அதோடு கீபோர்டுக்கும் பென் டிரைவுக்கும் மின்சாரம் தர வேண்டும். தனி அடாப்டரில் ஓடும் ஹப் இருந்தால் அந்தப் பாரத்தையாவது டேப்பின் தலையிலிருந்து இறக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | இயங்குதளம் வழி | பட்டன் வழி | யூஎஸ்பி கீபோர்டு |
|---|---|---|---|
| விண்டோஸ் எழவில்லை என்றால் | நீலத்திரை வந்தால் மட்டும் | முடியும் | முடியும் |
| ஃபர்ம்வேரில் ஃபாஸ்ட் பூட் இருந்தால் | தடையில்லை | பெரும்பாலும் தடையில்லை | விசையைக் கண்டுகொள்ளாமல் போகலாம் |
| உள்ளே நகர உதவுமா | உதவாது | மாடலைப் பொறுத்தது | உதவும் |
| கையில் வேண்டியது | எதுவுமில்லை | மாடலின் சரியான சேர்க்கை | ஓடிஜி அல்லது ஹப், கீபோர்டு |
| மறைவான செலவு | நீலத்திரையில் தொடுதல் இல்லாமல் போகலாம் | தூக்கத்தை அணைப்பு என்று நம்பி ஏமாறுவது | சார்ஜ் ஏறாது |

மூன்றாம் வரிசைதான் முக்கியம். முதல் இரண்டும் நுழைவதற்கான வழிகள், மூன்றாவது முதன்மையாக நகர்வதற்கான வழி. அவை ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை என்பது மலிவு டேப் வைத்திருப்பவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

## ஒரு டேப், ஒரு மாலை

மைத்துனர் வீட்டுப் பரணில் கிடந்த 8 அங்குல டேப் ஒன்று என்னிடம் வந்தது. இன்டெல் ஆட்டம் Z3735F சில்லு, 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, மைக்ரோ யூஎஸ்பி துளை ஒன்று. விண்டோஸ் 10 மூச்சு வாங்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ் போட்டு, படிக்கவும் பாட்டுக் கேட்கவும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் ஆசை.

முதலில் பட்டன் வழியை முயன்றேன். வால்யூம் கூட்டும் பட்டனோடு ஒருமுறை, குறைக்கும் பட்டனோடு ஒருமுறை. இரண்டு தடவையும் விண்டோஸ்தான் வந்தது. ஓடிஜியில் கீபோர்டைச் செருகி Esc-ஐத் தட்டினேன், அதற்கும் விண்டோஸ்தான். கீபோர்டு கெட்டதோ என்று பார்த்தால், விண்டோஸுக்குள் அது நன்றாகவே வேலை செய்தது. ஃபாஸ்ட் பூட் யூஎஸ்பியைத் தாண்டிப் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

விண்டோஸ் இன்னும் உயிரோடு இருந்தது நல்லதாகப் போயிற்று. டேப்பை முழுதாகச் சார்ஜ் செய்து, கீபோர்டைச் செருகியபடியே `shutdown /r /fw /t 0` அடித்தேன். பயாஸ் வந்தது, 90 பாகை சாய்ந்து படுத்தபடி. இந்த வகைத் திரைகள் பிறப்பிலேயே நெட்டுவாக்கில் நிற்பவை, விண்டோஸ்தான் அவற்றைத் திருப்பிக் காட்டுகிறது. பயாஸுக்கு அந்த நாகரிகம் கிடையாது. டேப்பைத் திருப்பி வைத்துக்கொண்டேன். தொடுதல் வேலை செய்யவில்லை, கீபோர்டு வேலை செய்தது. நுழைய ஒரு வழி, நகர ஒரு வழி என்று இரண்டும் தேவைப்பட்டன.

உள்ளே போனதும் செக்யூர் பூட்டை அணைத்தேன். அதோடு நிற்காமல் Boot பக்கத்தில் Fast Boot-ஐ Disabled ஆக்கினேன், Setup Prompt Timeout-ஐ 5 விநாடியாக உயர்த்தினேன். இந்த இரண்டு மாற்றத்துக்காகத்தான் இந்தக் கதையையே சொல்கிறேன். அடுத்து விண்டோஸை அழிக்கப் போகிறேன், அதோடு முதல் வழி போய்விடும். பட்டன் வழியும் இந்த டேப்பில் இல்லை. ஃபாஸ்ட் பூட்டை அணைக்காமல் வட்டைத் துடைத்து, நிறுவலும் பாதியில் நின்றிருந்தால், திரும்ப உள்ளே போக உறுதியான வழி எதுவும் மிஞ்சியிருக்காது. சேமித்து வெளியேறும் விசை வலப்பக்க ஓரத்திலேயே எழுதியிருக்கும், F4 ஆகவோ F10 ஆகவோ இருக்கும்.

முதல் பென் டிரைவ் பூட் ஆகவில்லை. தவறு என்னுடையது. இந்தச் சில்லு 64 பிட், ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் ஃபர்ம்வேர் 32 பிட். பென் டிரைவின் `EFI/BOOT` உறைக்குள் `bootx64.efi` மட்டும் இருந்தால் இது கண்டுகொள்ளாது, `bootia32.efi` வேண்டும். வேறு நிறுவல் கோப்பை எழுதிக் கொண்டுவந்ததும் Save & Exit பக்கத்தில் Boot Override பட்டியலில் பென் டிரைவ் தெரிந்தது. லினக்ஸிலிருந்து இதைச் சரிபார்க்க:

```
cat /sys/firmware/efi/fw_platform_size
```

32 என்று வந்தால் ஃபர்ம்வேர் 32 பிட்.

லினக்ஸ் ஏறிய பிறகு `systemctl` கட்டளை முதல் வழியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். லினக்ஸை எழுப்பும் க்ரப் நிரலின் பட்டியலிலும் UEFI Firmware Settings என்ற வரி வரலாம். ஆனால் க்ரப்புக்கும் விரல் புரியாது, அங்கேயும் கீபோர்டு வேண்டும்.

## எந்த வழியானாலும் பிட்லாக்கர்

விண்டோஸை வைத்துக்கொண்டே செக்யூர் பூட்டை மாற்றப் போகிறவர்கள் இதைப் படிக்காமல் போக வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. செக்யூர் பூட்டைத் தொட்டதும், கருவியில் ஏதோ மாறியிருக்கிறது என்று, பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லு அதைத் தர மறுக்கும். திரை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். விண்டோஸின் தொடு கீபோர்டு, விண்டோஸ் எழுவதற்கு முந்தைய கட்டத்தில் வராது. கீபோர்டு இல்லாதவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதைவிட மோசமாக இருக்க முடியாது.

உள்ளே போகுமுன் நிர்வாகி டெர்மினலில் முதலில் எண்ணைப் பார்த்துக் காகிதத்தில் எழுதுங்கள், பிறகு பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்:

```
manage-bde -protectors -get C:
manage-bde -protectors -disable C: -RebootCount 3
```

மூன்று முறை மறுதொடக்கம் ஆகும்வரை அது எதுவும் கேட்காது. எண் `account.microsoft.com/devices/recoverykey` பக்கத்திலும் இருக்கும், வேறு கருவியிலிருந்து திறந்து பார்க்கலாம். முதல் வழியின் நீலத்திரையே எண்ணைக் கேட்டாலும் அந்த வட்டைத் தவிர்த்துவிட்டுத் தொடர ஒரு இணைப்பு அங்கே இருக்கும். பயாஸுக்குள் போக மட்டும் சாவி தேவையில்லை.

## அப்படியானால் யாருக்கு எது

சர்ஃபேஸ் போலத் தொடுதலில் இயங்கும் பயாஸ் இருந்தால் பட்டன் வழி, யோசிக்கவே வேண்டாம். டூ-இன்-ஒன்னில் கீபோர்டு உடைந்து, விண்டோஸ் ஓடுகிறது என்றால் முதல் வழி. உள்ளே தொடுதல் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பிறகு கீபோர்டைத் தேடலாமா என்று முடிவெடுங்கள், அந்த எட்டிப் பார்த்தலுக்குச் செலவு எதுவுமில்லை. பெயர் தெரியாத மலிவு டேப் என்றால் முதல் வழியும் மூன்றாவது வழியும் சேர்ந்து, விண்டோஸை அழிப்பதற்கு *முன்னால்*. விண்டோஸும் போய், பட்டனும் பலிக்காத டேப் என்றால் மிஞ்சுவது ஓடிஜி கீபோர்டு மட்டும்தான். செருகிவிட்டுப் பிறகு ஆன் செய்து, பவரை அழுத்திய கணத்திலிருந்தே Esc-ஐத் தட்டிக்கொண்டிருங்கள். பூட் ஆக எதுவும் கிடைக்காத நிலையில் தானாகவே அமைப்புப் பக்கத்தில் வந்து நிற்கும் ஃபர்ம்வேர்களும் உண்டு.

பழைய டேப்பை விலைக்கு வாங்குகிறவர்கள், காசு கொடுக்கும் முன் விற்பவர் கண்ணெதிரிலேயே `shutdown /r /fw /t 0` அடித்துப் பாருங்கள். பயாஸ் பக்கம் கடவுச்சொல் கேட்டால் அதை வைத்தவர் முந்தைய உரிமையாளர் அல்லது அவர் வேலை பார்த்த அலுவலகம். அந்தக் கடவுச்சொல் இல்லாமல், மேலே சொன்ன மூன்று வழிகளும் உங்களை அந்தப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதோடு சரி.